பஸ்ஸில் போன இருமல் மருந்து

பஸ் ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் இருமலைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவான். கோவில்பட்டியில் இத்தனை வருஷம் கடை நடத்தி எனக்கும் அது வந்திருந்தது. படியேறும்போதே இது சளி இருமல், இது வறட்டு இருமல், இது பீடி இருமல், இது பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தொண்டையைச் செருமுவது என்று பிரித்துவிடுவேன். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதனால்தான் அந்தப் பழக்கத்தைக் கெட்டது என்கிறேன். அடிக்கடி தப்பாகிற ஆள் இரண்டாம் முறை யோசிப்பான்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதிலும் கார்த்திகை மாதத்தில், மழையும் பனியும் மாறி மாறி அடித்து ஊர் முழுக்கக் காய்ச்சலில் கிடக்கும்போது, கடையில் என் குரல் ரோடு வரைக்கும் கேட்கும். காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும். இருமல் போகாது. பத்தாம் நாள் வந்து நிற்பார்கள். “அண்ணாச்சி, பவரா ஏதாவது குடுங்க, ஒரே நாள்ல நிக்கணும்” என்பார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையின் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். இல்லை என்றால் ஊசி போடுகிற இடம் எங்கே என்று விசாரிப்பார்கள். நான் தர மாட்டேன். வைரஸ் காய்ச்சலுக்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது, வயிறு கெட்டுப்போவதுதான் மிச்சம் என்று சண்டை பிடிப்பேன். டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தந்துவிடுகிற கடை நாலு கடை தள்ளி இருந்தது. கோபித்துக்கொண்டு அங்கே போனவர்கள் உண்டு. போகட்டும் என்று விடுவேன். நேர்மையான கடைக்காரன் என்று நானே எனக்கு ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு வழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. கரிசக்காட்டு ஊர்களில் இருந்து டவுனுக்கு வந்து போக ஒரு பகல் செத்துவிடும். அதனால் தீர்ந்துபோன மருந்தின் காலி பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ மினி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் கடை முன்னால் இறங்கி, கவுண்டரில் அதை வைத்துவிட்டு, “அண்ணாச்சி, இதே மாதிரி ஒண்ணு, ரெண்டு மணி டிரிப்புக்கு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். நான் புதியதை எடுத்து, காகிதத்தில் சுற்றி, ஊர்ப் பெயரை எழுதி வைப்பேன். சாயந்திரத்துக்குள் அந்த ஊர் நிறுத்தத்தில் இருக்கிற டீக்கடையில் அது இறங்கிவிடும். பசுவந்தனைப் பக்கம் மட்டும் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பொட்டலம் போகும். ஒரு பொட்டலம்கூட மாறியதில்லை. அதைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

ஆட்டுக்காரர் ஒருவர் என் கடைக்கு நேரில் வந்தது ஒரு கார்த்திகை மாதத்துப் பகல். பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நூற்றுச் சொச்சம் ஆடுகள் வைத்திருந்தார். அறுவடை முடிந்த காடுகளில் எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார். ஒரு காட்டில் நாலு ராத்திரி, அடுத்த காட்டில் மூன்று ராத்திரி என்று வருஷத்தில் பாதி நாள் ஆடுகளின் பின்னால் நடந்துகொண்டே இருக்கிற ஆள். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன். எங்கள் ஊரில் அதில் ஒரு குழப்பமும் வராது.

“காய்ச்சல் விட்டு எட்டு நாளாச்சு. இருமல் மட்டும் விட மாட்டேங்குது அண்ணாச்சி. ஆட்டைக் கூப்பிட வாயைத் திறந்தாப் போதும், புடிச்சுக்கிடுது” என்றார்.

பீடி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். சளியில் ரத்தம்? இல்லை. காய்ச்சல் திரும்ப அடித்ததா? இல்லை. அன்றைக்கு நான் கேட்டது எல்லாம் சரியான கேள்விகள்தான். அவர் சொன்னதும் உண்மைதான். அவருக்கும் ஊரில் எல்லாருக்கும் வந்த அதே காய்ச்சல், அதே இருமல்.

ஊசி வேண்டாமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேறு ஆளாக இருந்தால் கத்தியிருப்பேன். அவருடைய பணிவு என்னைக் கொஞ்சம் நல்லவனாக்கிவிட்டது. ஸ்டூலில் உட்காரவைத்து விளக்கினேன். “வைரஸ் கிருமி போயிட்டுது அண்ணாச்சி. ஆனா போகும்போது மூச்சுக்குழாய்க்கு உள்பக்கத்துத் தோலைச் சொரண்டிட்டுப் போயிருக்கு. முழங்கால் சிராய்ச்சா, காத்துப் பட்டாலே எரியுதுல்லா? அது மாதிரிதான். அந்தத் தோல் திரும்ப வளர வாரக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் உள்ளே இருக்கிற நரம்பு தொட்டாச்சிணுங்கியா இருக்கும். பனி பட்டா இருமும், தூசி பட்டா இருமும், சிரிச்சா இருமும். கிருமியே இல்லாத இடத்துல ஊசியைப் போட்டு என்ன கொல்லப் போறோம்?”

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. “அப்ப எத்தனை நாளைக்கு?” என்றார்.

“ஆறு வாரம் வரைக்கும்கூட இழுக்கும். பதறாதீங்க. தன்னால போயிரும்.”

ஆடாதொடையும் தேனும் சேர்ந்த சிரப் ஒன்று, பெரிய பாட்டில், எடுத்துக் கொடுத்தேன். காலையில் ஒரு ஸ்பூன், படுக்கப்போகும்போது ஒரு ஸ்பூன். தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். கெடுதல் செய்யாத மருந்து என்பதால் அதை நான் தயங்காமல் எல்லாருக்கும் கொடுப்பேன். அவர் பாட்டிலை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு நல்ல மனநிலை. ஒரு மனிதனை வீண் ஊசியில் இருந்து காப்பாற்றிவிட்டேன் அல்லவா?

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. பொய் சொல்லியிருந்தால் அதை மட்டும் நினைத்து வருத்தப்பட்டு முடித்திருப்பேன். ஆறு வாரம் இழுக்கும் என்று சொன்ன வாய், ஆறு வாரத்தில் போகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு முன்பே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் எதற்கும் சளியைச் சோதித்துவிட வேண்டும் என்று அரசாங்க ஆட்கள் வந்து ஒட்டிய நோட்டீஸ் என் கடைச் சுவரிலேயே இருந்தது. அதன் மேல் பேபி சோப்பு காலண்டரைத் தொங்கவிட்டிருந்தேன். மழைக் காலத்தில் ஊரே மூன்று வாரம் இருமுகிறது. எல்லாரையுமா டிபி டெஸ்ட்டுக்கு அனுப்புவது, ஜனங்கள் பயந்து சாவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நோட்டீஸ் வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்திருக்கிறேன் போல.

மூன்று வாரம் கழித்து முதல் காலி பாட்டில் பஸ்ஸில் வந்தது. ஆடாதொடை பாட்டில், பசுவந்தனை லைன். யாருடையது என்று உடனே தெரிந்தது. புதியதைச் சுற்றிக் கொடுத்தேன். மார்கழியில் இன்னொன்று வந்தது. பனிக்காலம், வெட்டவெளியில் கட்டில் போட்டுப் படுக்கிற மனுஷன், இருமாமல் என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததைக் கொடுத்தேன். தை மாதத்தில் மறுபடியும். பொங்கல் நேரம், கடையில் கூட்டம். நினைத்துப் பார்க்கக்கூட இல்லை. தை முடியும்போது நாலாவது காலி பாட்டில் வந்தது. “என்னய்யா, உங்க ஆட்டுக்காரரு இதைச் சோத்துல ஊத்திச் சாப்பிடுதாரா?” என்று கண்டக்டரிடம் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். இருவரும் சிரித்து முடித்து நான் ஐந்தாவது பாட்டிலைச் சுற்றினேன்.

கணக்குப் போட்டிருந்தால் அப்போதே பதினோரு வாரம் தாண்டியிருக்கும். நான் போடவில்லை. இருமலை நேரில் கேட்டிருந்தால் என் பழைய வித்தை வேலை செய்திருக்குமோ என்னவோ, பாட்டில் இருமாது. அவரிடம் பழைய பட்டன் போன் ஒன்று உண்டு என்று பிறகு தெரிந்தது. என் கடை நம்பர் பாட்டிலிலேயே ஒட்டியிருந்தது. அவர் போனில் பேசிப் பழகிய ஆள் இல்லை. நான் அவர் நம்பரைக் கேட்டதில்லை.

மாசி மாதம் பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் பைக்கில் போனேன். உளுந்து எடுத்த காடுகள் வெடித்துக் கிடந்தன. ஒரு திருப்பத்தில் ஆடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தேன். ஆடுகளுக்குப் பின்னால், ரொம்பப் பின்னால், கம்பை ஊன்றிக்கொண்டு ஒருவர் வந்தார். நாலு எட்டு வைப்பார், நிற்பார். சட்டை தோளில் இருந்து தனியாகத் தொங்கியது. யாரோ வயசாளி, வழி விட நேரமாக்குகிறார் என்று எரிச்சலோடு இன்னொரு முறை ஹாரன் அடித்தேன். அவர் பக்கத்தில் வந்து, “அண்ணாச்சியா?” என்றார்.

நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். சிரித்தார். சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. கம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து இருமினார். அந்தச் சத்தம் கார்த்திகையில் நான் கேட்ட வறட்டு இருமல் இல்லை. ஆழத்தில் இருந்து, ஈரமாக, முடிவே இல்லாமல் வந்தது. பைக்கை ஓரம்கட்டக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

“எப்ப இருந்து இப்படி?”

“தை பொறந்ததுல இருந்து கொஞ்சம் கூடத்தான் செய்யுது. சாயந்திரமானா மேலு காயுது. ராத்திரி வேர்த்து ஊத்துது, பனியிலயும் வேர்க்குது. சோறு எறங்க மாட்டேங்குது. நடக்கத்தான் முடியல அண்ணாச்சி. ஆடு முன்னாடி போயிருது, நான் பின்னாடி கெடக்கேன்.”

“ரத்தம்?”

“போன வாரம் ரெண்டு மட்டம் வந்துச்சு. சளியில கீத்து மாதிரி. தொண்டை புண்ணாயிருக்கும்னு நெனச்சேன். நீங்கதான சொன்னிய, உள்ள தோல் சொரண்டியிருக்குன்னு.”

நான் சொன்ன விளக்கத்தை வைத்தே அவர் ரத்தத்துக்கும் காரணம் கண்டுபிடித்திருந்தார். கல்யாணத்துக்குப் போகவில்லை. கிடை போட்டிருந்த காட்டுக்காரரிடம் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குத் திரும்பினேன். வழியெல்லாம் என் முதுகில் இருமினார். ஒவ்வொரு தடவையும் “மன்னிச்சுக்கிடுங்க” என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ஆட்டுக்காரருக்கு மாஸ்க் ஒன்று கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். “எத்தனை வாரமா இருமல்?” என்று கேட்டார். ஆட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அதை நான்தான் சொல்ல வேண்டும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. “பதிமூணு, பதினாலு வாரம்” என்றேன். “நீங்க யாரு?” என்றார். “மெடிக்கல் வச்சிருக்கேன்” என்றேன். டாக்டர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு சின்ன டப்பாவில் சளி வாங்கினார்கள். மறுநாள் முடிவு வந்தது. டிபி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு ஓட்டையைக் காட்டினார் டாக்டர். முட்டை வடிவத்தில், கறுப்பாக, சுற்றி வெள்ளைக் கரை கட்டியிருந்தது. மருந்து ஆறு மாதம், ஒரு நாள்கூட விடக் கூடாது, வீட்டில் இருக்கிற எல்லாரையும் சோதிக்க வேண்டும் என்று அவரிடம் பொறுமையாகச் சொன்னார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி. “ஆட்டுக்குப் பின்னாடி நடக்க முடியுமாம்மா?”

“முதல்ல கிருமி போகட்டும். அப்புறம் பார்ப்போம்” என்றார் டாக்டர்.

அவரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு நான் மட்டும் நின்றேன். கார்த்திகையில் இருந்தது வைரஸ் இருமல்தானே, நான் சொன்னது சரிதானே என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

டாக்டர் முகம் மாறாமல் சொன்னார். “இருக்கலாம் சார். அது வைரஸ் இருமலா இருந்து, இது பின்னாடியே சேர்ந்திருக்கலாம். இல்லன்னா முதல்லயே இது உள்ள இருந்திருக்கலாம். இப்ப யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு. வைரஸுக்கு அப்புறம் வர்ற இருமல் மெதுவா இருந்தாலும் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கிட்டே வரணும். இறங்காம நின்னாலோ, இறங்கினது திரும்ப ஏறினாலோ அது வேற விஷயம். எடை குறையுறது, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, ரத்தம், மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, இதுல எது வந்தாலும் நாள் கணக்கே பார்க்கக் கூடாது, உடனே அனுப்பணும். ஒண்ணுமே இல்லன்னாலும் நம்ம நாட்டுல ரெண்டு வாரம் தாண்டினா சளியைப் பார்த்துரணும். அது நல்லா இருந்து, எட்டு வாரம் ஆகியும் இருமல் போகலன்னா எக்ஸ்ரே எடுத்து வேற காரணம் தேடணும். காத்திருக்கச் சொல்றது தப்பில்ல. எதுவரைக்கும்னு சொல்லணும்.”

தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. நான் படித்ததுதான். படித்ததில் பாதியை, கேட்கிறவருக்கு ஆறுதலான பாதியை மட்டும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து வருஷக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறேன். ஊசியும் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம் என்று சண்டை போட்டதில் எனக்கு இருந்த சுகம், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல விடவில்லை.

ஆட்டுக்காரருடைய மனைவியைச் சோதனைக்கு அழைத்து வந்தபோது அந்த அம்மா என்னோடு பேசவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “மெடிக்கல் அண்ணாச்சி சொன்னா இவருக்கு வேதவாக்கு. டாக்டர் சொன்னாக்கூட இவியட்ட கேட்டுட்டுதான் கேப்பாரு” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அவர் மருந்தை ஒரு நாளும் விடவில்லை. இரண்டு மாதத்தில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. எடை ஏறியது. சாயங்காலக் காய்ச்சல் நின்றது. நானும் மனதுக்குள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன், எல்லாம் சரியாகிவிடும் என்று. ஆறு மாதம் முடிந்து மருந்தை நிறுத்தினார்கள். ஆனால் நடை வரவில்லை. ஓட்டை இருந்த இடம் தழும்பாகச் சுருங்கி, பக்கத்தில் இருந்த நல்ல இடத்தையும் இழுத்துக்கொண்டிருந்தது. நூறு அடி நடந்தால் நிற்க வேண்டும். நோய் குணமாகிவிட்டது, அது விட்டுப்போன சேதம் இப்படியே இருக்கும், மூச்சுப் பயிற்சி செய்தால் கொஞ்சம் தேறலாம் என்றார் டாக்டர். முன்கூட்டியே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். இவ்வளவு ஆகியிருக்காது என்று முடித்துவிட்டார்.

ஆடுகளை விற்றார். விளாத்திகுளம் பக்கத்தில் இருந்து வந்த வியாபாரி ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு போனதாகக் கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். ஆட்டுக்காரர் ரோட்டு வரைக்கும் வந்து வழியனுப்பவில்லையாம். நடக்க முடியாததாலா, பார்க்க முடியாததாலா என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை.

இப்போது காலண்டரை எடுத்து வேறு சுவரில் மாட்டிவிட்டேன். இருமல் மருந்து வாங்குகிற ஒவ்வொருவருடைய பாட்டிலிலும் இருமல் தொடங்கிய நாளை மார்க்கரால் எழுதுகிறேன். பஸ்ஸில் காலி பாட்டில் வந்தால், ஆளை போனில் பிடித்து அவர் இருமுவதைக் கேட்காமல் அடுத்த பாட்டில் போகாது. கண்டக்டர்களுக்கு என் மேல் எரிச்சல். “மருந்து கேட்டா ஜாதகம் கேக்குதாரு” என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தார். சளி, எக்ஸ்ரே எல்லாம் நன்றாக இருந்தது. அவர் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையைப் பார்த்துவிட்டு, அந்த வகை மாத்திரையே சிலருக்கு இருமலைக் கொண்டு வரும், டாக்டரிடம் கேளுங்கள் என்று அனுப்பினேன். மாத்திரையை மாற்றினார்கள், சில வாரத்தில் இருமல் போய்விட்டது. டீச்சர் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். டப்பாவைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். இந்தக் கவனத்தை ஒரு வருஷம் முந்தி வைத்திருந்தால் என்ன?

புரட்டாசி மாதம் ஒருநாள் ஆட்டுக்காரர் கடைக்கு வந்தார். தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். உட்கார்ந்தே பார்க்கிற வேலை. ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. பல மாதமாக வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

“அண்ணாச்சி, தப்பு என்மேலதான். ஆறு வாரம் இழுக்கும்னு சொன்னேன், அதுக்கு மேல போனா ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லல.”

அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டது போலத் தெரிந்தது. “நீங்க சொல்லலன்னா என்ன? எனக்குத் தெரியாதா? நான் எண்ணிக்கிட்டுதான இருந்தேன்” என்றார்.

“என்னத்தை?”

“வாரத்தை. ஆறு வாரம் முடிஞ்ச அன்னைக்கும் இருமல் நிக்கல. சரி, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்னு கெளம்பிட்டேன். ஆட்டைப் பாத்துக்கிட ஆளைச் சொல்லிட்டு, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கேன். கண்டக்டரு, ‘எங்க போறீங்க, பாட்டிலைத் தாங்க, நான் அண்ணாச்சிட்ட கேட்டுட்டு வாரேன்’னாரு. அதுவும் சரிதான், அவியட்டயே கேட்டுருவோம், போகணும்னா அவிய போகச் சொல்லுவாவன்னு குடுத்து விட்டேன். சாயந்திரம் அதே மருந்து வந்துச்சு. அப்பச் சரி, அண்ணாச்சி போக வேண்டாம்ங்காவன்னு துண்டை எடுத்துக் கொடியில போட்டுட்டேன்.”

மார்கழியில் வந்த அந்தப் பாட்டிலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அன்றைக்கு யார் யார் கடையில் நின்றார்கள், கண்டக்டர் எதையாவது கேட்டாரா, நான் என்ன செய்துகொண்டிருந்தேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. கை எட்டி அலமாரியில் இருந்து எடுத்திருக்கும், காகிதத்தில் சுற்றியிருக்கும்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துவிட்டார். “ஏன் அண்ணாச்சி? நாந்தான் தப்பா நெனச்சுட்டனோ?” என்றார். குரலில் மன்னிப்புக் கேட்கிற தொனி இருந்தது.

“நீங்க தப்பா நெனைக்கல அண்ணாச்சி. நான்தான் உங்களை நெனைக்கவே இல்ல” என்றேன்.

அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். கடைக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவில் ரோடு ஒன்றுதான். அதைத் தாண்டுவதற்குள் அவர் இரண்டு தடவை நின்றார்.